குளிர்அறைச் சுவரில் நீராவித் தடுப்பு எந்தப் பக்கம் வர வேண்டும்?

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பழைய குடோனைக் குளிர்அறையாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சுவருக்கு எத்தனை இஞ்சு தெர்மாகோல் ஒட்டணும்?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது: காற்றிலுள்ள நீராவியை மறிக்கும் தார், பாலித்தீன் போன்ற நீராவித் தடுப்பு தெர்மாகோலுக்கு எந்தப் பக்கம் வரும்? இதில் பக்கம் மாறிப்போனால், கணக்குப் போட்டு ஒட்டிய தெர்மாகோல் சில மழைக்காலங்களில் தண்ணீர் குடித்து வீணாகும். சுவரைப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாது. கரன்ட் பில் மட்டும் ஏறும்.

ஒரே ஒரு சுவரை எடுத்துக்கொண்டு இதைக் கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு புளி குடோன் என்று வைத்துக்கொள்வோம். இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம், பத்து அடி உயரம். நான்கு சுவரும் சேர்த்து ஏறக்குறைய 65 சதுர மீட்டர். ஒன்பது இஞ்சு செங்கல் சுவர், இரண்டு பக்கமும் சிமென்ட் பூச்சு. இதில் ரோஜாப் பூவை 4 டிகிரியில் வைக்க வேண்டும். உட்பக்கம் 100 மில்லிமீட்டர் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் கோழிவலை அடித்து, 20 மில்லிமீட்டர் பூச்சு பூசுவதாகத் திட்டம்.

முதலில் வெப்பம்

ஒவ்வொரு அடுக்கும் வெப்பத்தைக் கொஞ்சம் தடுக்கிறது. எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் வெப்பத்தடை. அடுக்கின் தடிமனை மீட்டரில் எழுதி, அந்தப் பொருளின் வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் அது கிடைக்கும். எல்லா அடுக்குகளின் தடையையும் கூட்டி, 1-ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது யூ மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் போகிறது என்பதை அது சொல்லும்.

```
R = d / λ
U = 1 / (Rso + R1 + R2 + ... + Rsi)
```

இதில் Rso, Rsi இரண்டும் சுவரின் வெளிமுகத்தையும் உள்முகத்தையும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலத்தின் தடை. வழக்கமாக 0.04, 0.13 என்று எடுப்பார்கள்.

நம் சுவரில் செங்கல் 0.23 மீட்டர். கடத்துத்திறனை 0.8 என்று எடுத்தால் தடை 0.29. வெளிப்பூச்சு 0.02, உட்பூச்சு 0.02. தெர்மாகோல் 0.1 மீட்டர், கடத்துத்திறன் 0.035, ஆகவே தடை 2.86. அதன்மேல் போடும் பூச்சு 0.03. காற்றுப் படலங்களையும் சேர்த்துக் கூட்டினால் 3.39. யூ மதிப்பு 0.295.

தெர்மாகோல் இல்லாத வெறும் சுவரின் கூட்டுத்தொகை 0.50 மட்டுமே. அதன் யூ மதிப்பு 2.0. ஒன்பது இஞ்சுச் சுவர் நல்ல கனம்தானே என்று நினைப்போம். கணக்கில் பார்த்தால், தடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தெர்மாகோல் ஒன்றே கொடுக்கிறது.

வெளியே 30 டிகிரி, உள்ளே 4 டிகிரி. வித்தியாசம் 26. வெறும் சுவரானால் சதுர மீட்டருக்கு 52 வாட் உள்ளே வரும். 65 சதுர மீட்டருக்கு 3,380 வாட். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3,517 வாட். வெயில் விழுவதையும் கதவையும் கூரையையும் சேர்க்காமல், சுவர் மட்டுமே ஏறக்குறைய ஒரு டன்னைத் தின்றுவிடும். தெர்மாகோல் ஒட்டிய பிறகு சதுர மீட்டருக்கு 7.7 வாட், மொத்தம் 500 வாட்.

சரி, வெப்பக் கணக்கு இவ்வளவுதான். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இதே எண்களிலிருந்து இன்னொன்றையும் எடுக்கலாம்: சுவருக்குள் எந்த இடத்தில் எத்தனை டிகிரி என்பது. ஒவ்வொரு அடுக்கின் தடையையும் 7.7-ஆல் பெருக்கினால் அந்த அடுக்கில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று வரும். வெளிமுகம் 29.7 டிகிரி. செங்கலையும் பூச்சையும் தாண்டி, தெர்மாகோல் தொடங்கும் இடத்தில் 27.2. தெர்மாகோலின் அந்தப் பக்கம், அதன்மேல் போட்ட பூச்சு தொடங்கும் இடத்தில் 5.2. அறையின் உள்முகம் 5.0. செங்கல் முழுக்க வெளிக்காற்றின் சூட்டிலேயே இருக்கிறது. 22 டிகிரி இறக்கமும் அந்த நாலு இஞ்சு தெர்மாகோலுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இந்த 27.2, 5.2 இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இவற்றை வைத்துத்தான்.

இப்போது நீராவி

குளிர்ந்த சோடா பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் மேலே வியர்க்கிறது. அந்தத் தண்ணீர் பாட்டிலுக்குள்ளிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வந்தது. காற்றை ஓர் அளவுக்குக் கீழே குளிர்வித்தால், அதிலுள்ள நீராவியை அதற்குமேல் தாங்க முடியாமல் தண்ணீராக விட்டுவிடும். அந்த அளவுதான் பனிநிலை.

புரட்டாசி மாதத்தில் மழை பெய்து விட்ட ஒரு சாயங்காலத்தை எடுப்போம். 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம். 30 டிகிரியில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் 4,243 பாஸ்கல். அதில் 70 சதவீதம் 2,970. இந்த அழுத்தத்துக்குப் பனிநிலை 24 டிகிரி. அறைக்குள்ளே 4 டிகிரியில், 85 சதவீத ஈரப்பதத்தில் நீராவி அழுத்தம் 691 பாஸ்கல்தான்.

வெளியே 2,970, உள்ளே 691. நீராவி எப்போதும் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும். ஆகவே நம் சுவரில் நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது, இரவும் பகலும், மழைக்காலம் முழுக்க. செங்கலும் சிமென்ட் பூச்சும் தெர்மாகோலும் அதை மெதுவாக்கும், நிறுத்தாது.

குளிர்நாட்டுப் பாடப்புத்தகங்களிலும் வீடியோக்களிலும் "நீராவித் தடுப்பை வீட்டின் உட்பக்கம் போடு" என்று சொல்லியிருப்பார்கள். அங்கே அது சரி. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர், ஆகவே நீராவி உள்ளிருந்து வெளியே போகும். நம் குளிர்அறையில் எல்லாம் தலைகீழ். இரண்டு இடத்துக்கும் பொருந்தும் விதி ஒன்றுதான்: தடுப்பு, வெப்பக்காப்பின் சூடான பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே உட்பக்கம் சூடு. இங்கே செங்கல் பக்கம் சூடு.

நம் எண்களை வைத்துப் பாருங்கள். தடுப்பைச் செங்கலுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவில் வைத்தால், நீராவி நிற்கும் இடத்தின் வெப்பநிலை 27.2. பனிநிலை 24. மூன்று டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது, தண்ணீர் படியாது. அதே தடுப்பைத் தெர்மாகோலுக்கும் அதன்மேல் போட்ட பூச்சுக்கும் நடுவில் வைத்தால், நீராவி செங்கலையும் தெர்மாகோலையும் கடந்து வந்து 5.2 டிகிரியில் முட்டி நிற்கும். பனிநிலைக்கு 19 டிகிரி கீழே. அங்கே தண்ணீராகாமல் வேறு வழியில்லை.

எவ்வளவு தண்ணீர்? இதற்கு ஒவ்வொரு அடுக்கும் நீராவியை எவ்வளவு தடுக்கிறது என்று தெரிய வேண்டும். அசையாத காற்று எத்தனை மீட்டர் இருந்தால் அதே தடை வரும் என்று சொல்வது வழக்கம். செங்கல் அதே தடிமனுள்ள காற்றைப்போல் பத்து மடங்கு தடுக்கும் என்று எடுத்தால், 0.23 மீட்டர் செங்கல் 2.3 மீட்டர் காற்றுக்குச் சமம். தெர்மாகோல் அறுபது மடங்கு, ஆகவே 0.1 மீட்டர் தெர்மாகோல் 6 மீட்டருக்குச் சமம். செங்கலின் இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்து கால் மீட்டர் சொச்சம். மொத்தம் 8.6 மீட்டர்.

```
g = 2 × 10⁻¹⁰ × (p1 − p2) / sd
```

g என்பது ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டர் வழியாகப் போகும் நீராவி, கிலோகிராமில். sd நாம் இப்போது கூட்டிய 8.6. p1 வெளி அழுத்தம் 2,970. p2, 5.2 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய அதிகபட்சம், 885. போட்டுப் பார்த்து ஒரு நாளின் 86,400 நொடியால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 4.2 கிராம் தண்ணீர். கேட்க அற்பமாக இருக்கும். 65 சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 270 கிராம். இதே ஈரம் மூன்று மாதம் நின்றால் 24 லிட்டர் தண்ணீர் சுவருக்குள். அது வெளியேறவும் வழியில்லை, ஏனென்றால் உட்பக்கத் தடுப்பு அதை மறித்து நிற்கிறது.

இந்த முறைக்கு கிளாசர் முறை என்று பெயர். 1950-களில் ஜெர்மனியில், குளிர்அறைச் சுவர்களுக்காகத்தான் இது முதலில் உருவானது. வீடுகளுக்குப் பின்னால்தான் வந்தது.

தெரியாமலே நுழையும் தடுப்பு

"நான் உட்பக்கம் எந்தத் தடுப்பும் போடவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சுவர்கள் கெடுவது இங்கேதான்.

எந்தப் பக்கமும் தடுப்பே போடாமல், உள்ளே வெறும் சிமென்ட் பூச்சு மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அந்த 20 மில்லிமீட்டர் பூச்சின் தடை 0.2 மீட்டர்தான். தெர்மாகோலைத் தாண்டி வரும் நீராவிக்கு அது ஒரு தடையே இல்லை. சுலபமாகக் கடந்து அறைக்குள் வந்து, குளிரூட்டும் காயிலில் பனியாக உறையும். கணக்குப்படி, தெர்மாகோலின் குளிர்ந்த முகத்தில் நீராவி அழுத்தம் 743 பாஸ்கல் வரும். அங்கே தாங்கக்கூடியது 885. ஆகவே இந்த நிலைமையில் சுவருக்குள் தண்ணீர் படியாது. காயில் கூடுதலாக உறையும், அடிக்கடி உருக்க வேண்டியிருக்கும், மெஷினுக்கு வேலை கூடும். தெர்மாகோல் மட்டும் காய்ந்திருக்கும்.

பிறகு ஒருநாள் உள்ளே பார்க்க நன்றாக இருக்கட்டும், கழுவ வசதியாக இருக்கட்டும் என்று பூச்சின்மேல் எப்பாக்சி பெயின்ட் இரண்டு கோட் அடிக்கிறார்கள். அல்லது அலுமினியத் தகடோ கலர் பூசிய இரும்புத் தகடோ அடிக்கிறார்கள். சுத்தத்துக்கு அது தேவைதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அறையின் குளிர்ந்த பக்கத்தில் ஒரு நீராவித் தடுப்பு வந்துவிட்டது. தகட்டுக்குள் நீராவி நுழையாது, எப்பாக்சியிலும் மிகக் கொஞ்சம்தான் நுழையும். நேற்று வரை காயிலுக்குப் போன தண்ணீர் இன்றிலிருந்து தெர்மாகோலுக்குள் தேங்கத் தொடங்கும். தடுப்பே இல்லாத சுவரைவிட, தவறான பக்கம் தடுப்புள்ள சுவர் மோசமானது என்பது இதனால்தான்.

ஆகவே உள்ளே தகடு வரும் என்றால், சூடான பக்கத்துத் தடுப்பு அதற்கேற்ப வலுவாக இருக்க வேண்டும். ஆயிரம் கேஜ் பாலித்தீன், அதாவது கால் மில்லிமீட்டர் தடிமன், 100 மீட்டர் காற்றுக்குச் சமமான தடை தரும். அதைச் செங்கல் பக்கம் வைத்து, உள்ளே தகடும் அடித்தால், நாளைக்கு 4.2 கிராமாக இருந்தது 0.33 கிராமாகக் குறையும். நல்ல குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. தகட்டுக்குப் பின்னால் போன அந்தச் சொட்டும் திரும்பி வர வழியில்லாமல் வருடா வருடம் சேரும். அலுமினிய ஃபாயில் ஒட்டிய தடுப்பானால், ஓட்டை இல்லாத வரை, 1,500 மீட்டருக்குச் சமம். அப்போது நாளைக்கு 0.02 கிராம்தான். என் கருத்தில், உட்பக்கம் தகடு என்று முடிவு செய்தவர்கள் பாலித்தீனோடு நிற்கக் கூடாது. உள்ளே வெறும் பூச்சு வைப்பவர்களுக்கு நல்ல தார்ப்பூச்சோ ஆயிரம் கேஜ் பாலித்தீனோ போதும்.

இரண்டு பக்கமும் தகடோடு வரும் பஃப் பேனலில் தகடே தடுப்பு. அங்கே பேனல் கெடுவது அநேகமாக இணைப்புகளில்தான். வெளிப்பக்க இணைப்பில் சீலன்ட் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தெர்மாகோலை மெல்லியதாக்கினால்

தடுப்பு சரியான பக்கம் இருந்துவிட்டால் மட்டும் போதுமா? செலவைக் குறைக்க 100 மில்லிமீட்டருக்குப் பதில் 25 போட்டுப் பார்ப்போம். தெர்மாகோலின் தடை 0.71 ஆகிறது, மொத்தம் 1.24, யூ மதிப்பு 0.81. வெப்பம் சதுர மீட்டருக்கு 21 வாட். இப்போது செங்கலும் தெர்மாகோலும் சேரும் இடத்தின் வெப்பநிலை 27.2 இல்லை, 22.2. பனிநிலை 24. தடுப்பு சரியான இடத்தில் இருந்தும், அதற்கு முன்னாலேயே, செங்கல் பக்கமாகத் தண்ணீர் படியும். 50 மில்லிமீட்டர் போட்டால் 25.1 வருகிறது. ஒரு டிகிரி இடைவெளி. ஈரப்பதம் 70-லிருந்து 80-க்குப் போனாலே பனிநிலை 26 ஆகி, அந்த இடைவெளியும் போய்விடும்.

யூ மதிப்பும் நீர்ப்படிவும் ஒரே கணக்கின் இரண்டு முகம் என்பது இங்கே தெரிகிறது. தெர்மாகோலின் தடிமன்தான் தடுப்பு நிற்கும் இடத்தைச் சூடாக வைத்திருக்கிறது.

இன்னொன்று. இங்கே பலரும் சித்திரை வெயிலை வைத்தே எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள். மெஷின் எத்தனை டன் என்பதற்கு அது சரி. ஆனால் 36 டிகிரி, 35 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு மத்தியானத்தின் பனிநிலை 18 டிகிரிதான். மழை ஓய்ந்த 30 டிகிரிச் சாயங்காலத்தின் பனிநிலை 24. சுவருக்குள் தண்ணீர் படிவதைப் பொறுத்தவரை, உடம்புக்கு இதமாக இருக்கும் மழைக்காலச் சாயங்காலமே மோசமான நேரம். மெஷினுக்கு ஒரு நாளையும் சுவருக்கு இன்னொரு நாளையும் வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

ஓட்டைகள்

இதுவரை பார்த்தது பொருளின் ஊடாக ஊறி வரும் நீராவி. ஓட்டை இருந்தால் கதை வேறு. 30 டிகிரி, 70 சதவீதக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 21 கிராம் நீராவி இருக்கிறது. அது 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 7 கிராம்தான் தாங்கும். மீதி 14 கிராம் தண்ணீர். ஒயர் பைப் நுழையும் இடத்தில் ஒரு சந்து வழியாக மணிக்கு ஒரே ஒரு கன மீட்டர் காற்று நுழைகிறது என்று வைத்தால், நாளைக்கு 340 கிராம் தண்ணீர். தவறான பக்கம் தடுப்பு வைத்த 65 சதுர மீட்டர் சுவர் முழுக்கச் சேர்ந்து கொடுத்ததோ 270 கிராம். ஒரு சந்து ஒரு முழு அறையின் சுவரைத் தாண்டிவிடுகிறது.

அதனால் வேலை நடக்கும்போது கூட நின்று பார்ப்பது முக்கியம். கொத்தனார் செங்கல்மேல் உட்பூச்சை மட்டமாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் தார் அடிக்க வேண்டும். ஈரப் பூச்சின்மேல் அடித்த தார் கொப்புளம் விடும். தார் சுவரோடு நிற்காமல் தரைத் தடுப்போடும் கூரைத் தடுப்போடும் மூலையில் சேர வேண்டும். பாலித்தீன் என்றால் ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். பெட்ரோல் வகைக் கரைப்பான் கலந்த தார் தெர்மாகோலைக் கரைத்துவிடும், கொதிக்கும் தார் உருக்கிவிடும். ஆகவே ஒட்டும்போது தார் எந்த வகை, எவ்வளவு சூடு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டரை ஒரே பலகையாக ஒட்டுவதைவிட 50-ஆக இரண்டு அடுக்கு ஒட்டி, முதல் அடுக்கின் இணைப்பு இரண்டாவது அடுக்கின் பலகை நடுவில் வரும்படி வைப்பது நல்லது. நேராக உள்ளே போகும் சந்து அதனால் அடைபடும். கடைசியாக, தெர்மாகோலைப் பிடித்து நிறுத்த அடிக்கும் ஒவ்வொரு ஆணியும் தடுப்பில் ஒரு துளை. அதன் தலையைச் சுற்றித் தாரோ சீலன்டோ வைக்காமல் அடுத்த ஆணிக்குப் போகக் கூடாது.

ஏற்கெனவே கட்டிய அறையில்

முன்பே கட்டிய அறையில் தெர்மாகோல் நனைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் அடையாளம் மெஷின் ஓடும் நேரம். சரக்கும் கதவு திறப்பும் மாறாமல், போன வருடத்தைவிட கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடினால் சந்தேகப்படலாம். நனைந்த தெர்மாகோலின் கடத்துத்திறன் இரண்டு மடங்கானால் யூ மதிப்பு 0.295-லிருந்து 0.51-க்கு ஏறும். சுவர் வழி வரும் வெப்பம் 500 வாட்டிலிருந்து 860 வாட். மழைக்காலச் சாயங்காலத்தில் வெளிச்சுவரில் கையை வைத்துப் பாருங்கள். மற்ற இடங்களைவிட ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தால், அதற்குப் பின்னால் காப்பு கெட்டிருக்கிறது அல்லது சந்து இருக்கிறது. உள்ளே தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் பெயின்ட் உப்பியிருந்தால் தண்ணீர் கீழே இறங்கி நிற்கிறது.

உறுதி செய்ய ஒரு நேரான வழி இருக்கிறது. சந்தேகமான இடத்தில் தெர்மாகோல்மேல் உள்ள பூச்சை உடைத்து, நாலு இஞ்சுக்கு நாலு இஞ்சு தெர்மாகோலை முழு ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். பத்து சென்டிமீட்டர் கனசதுரம் சரியாக ஒரு லிட்டர் அளவு. கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி என்று வாங்கிய தெர்மாகோலானால் அது காய்ந்த நிலையில் 20 கிராம் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசோ மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசோ போதும். 60 கிராம் காட்டினால் 40 கிராம் தண்ணீர், கன அளவில் நூற்றுக்கு நாலு பங்கு. துண்டைச் செங்கல் பக்கப் பாதி, அறைப் பக்கப் பாதி என்று இரண்டாக அறுத்துத் தனித்தனியே எடை போட்டால் இன்னும் ஒன்று தெரியும். அறைப் பக்கப் பாதி கனமாக இருந்தால் உட்பக்கம் ஏதோ தடுப்பாக நிற்கிறது. செங்கல் பக்கப் பாதி கனமாக இருந்தால் தண்ணீர் சுவர் வழியாக நேரடியாக வருகிறது, மழை ஒழுகலையும் குழாயையும் பாருங்கள். வெட்டிய இடத்தில் முதலில் செங்கல்மேல் தடுப்பைச் சரிசெய்து, அதன் பிறகே புதுத் துண்டைச் செருகிப் பூச வேண்டும்.

கணக்கின் எல்லைகள்

கிளாசர் முறை வெளியும் உள்ளும் நாள்கணக்கில் மாறாமல் நிற்பதாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மழை இரவில் 26 டிகிரியில் 90 சதவீத ஈரம் வரலாம். அப்போது பனிநிலை 24.2, நம் நல்ல சுவரிலும் செங்கல் பக்கத் தடுப்பு 23.6 டிகிரி. கணக்கு "படியும்" என்று சொல்லும். ஆனால் ஓர் இரவில் செங்கல் அவ்வளவு வேகமாகக் குளிராது, நீராவியும் 2.3 மீட்டர் காற்றுக்குச் சமமான செங்கலைக் கடந்து வர நேரமாகும். கொஞ்சம் படிந்தாலும் செங்கல் அதை உறிஞ்சி, அடுத்த வெயிலில் வெளியே விட்டுவிடும். அதனால்தான் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 13788 ஓர் இரவை விட்டுவிட்டு மாதச் சராசரியை எடுத்து, வருடத்தில் எவ்வளவு படிகிறது, எவ்வளவு காய்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. செங்கல் வெளிப்பக்கமாகக் காய வழி இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. வெளிச்சுவருக்கு நீராவியை அடைக்கும் ரப்பர் மாதிரிப் பெயின்ட் அடித்துவிட்டு, உள்ளே தாரும் அடித்தால், நடுவில் மாட்டிய ஈரம் போக இடமில்லை.

இந்தக் கணக்கு பார்க்காத இன்னொன்று மழையில் நனைந்த சுவர்மேல் விழும் வெயில். மேற்குச் சுவர் நன்றாக நனைந்து, பிறகு வெயிலில் 40 டிகிரிக்குச் சூடானால், செங்கலுக்குள் நீராவி அழுத்தம் 7,384 பாஸ்கல் வரை போகலாம். நாம் கணக்கில் எடுத்த 2,970-ஐப்போல் இரண்டரை மடங்கு. அந்தச் சுவருக்கு மட்டும் அகலமான சன்ஷேடோ, தள்ளி நிற்கும் தகரச் சாய்ப்போ போட்டு மழை படாமல் பார்த்துக்கொள்வது தெர்மாகோலை இன்னொரு இஞ்சு கூட்டுவதைவிட அதிகப் பயன் தரும்.

குளிர்அறை கட்டாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏசி இல்லாத சாதாரண வீட்டுச் சுவருக்கு இங்கே நீராவித் தடுப்பே தேவையில்லை, உள்ளும் வெளியும் நீராவி அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஏசியை 20 டிகிரியில் வைத்து இரவெல்லாம் ஓட்டும் படுக்கையறையில், வெளிச்சுவரின் உட்பக்கம் பிளாஸ்டிக் வால்பேப்பர் ஒட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் அதன் பின்பக்கம் 24 டிகிரிக்குக் கீழே போய்விடும். பேப்பரைப் பிரித்துப் பார்க்கும்போது கறுப்புப் பூஞ்சை படர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.